செங்குட்டுவன் சாரின் அகர வரிசை

வெளிநாட்டுப் பத்திரிகை ஆசிரியர் அனுப்பிய கடிதம் ரொம்ப மரியாதையாகத்தான் ஆரம்பித்தது. "மதிப்பிற்குரிய ஆய்வாளர்களே" என்றது. கட்டுரை பயனுள்ளது என்றது. அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தது. கட்டுரையின் கடைசியில் கொடுத்திருக்கும் மேற்கோள் பட்டியலில் ஒரே ஆய்வு மூன்று இடத்தில் மூன்று எண்ணில் வருகிறதாம். அது போகட்டும், பதினோரு ஆய்வுகள் உலகத்தில் எங்கேயுமே இல்லையாம். இவற்றை ஏதாவது செயற்கை நுண்ணறிவு இயந்திரம் கற்பனை செய்து கொடுத்ததா என்று ஒரு வாரத்துக்குள் விளக்க வேண்டுமாம். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் கட்டுரை நிராகரிக்கப்படும், உங்கள் நிறுவனத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தகவல் போகும். மரியாதையை எடுத்துவிட்டுப் படித்தால், நீங்கள் திருடர்களா அல்லது வெறும் சோம்பேறிகளா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று அர்த்தம்.

இசைப்பிரியா, கூப்பிடும் பெயர் இசை, அதை இரண்டு தடவை படித்தாள். நெய்வேலி நகரியத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன மண் ஆராய்ச்சி மையத்தில் அவள் காண்ட்ராக்ட் ஆய்வாளர். நிலக்கரியிலிருந்து எடுக்கும் ஹியூமிக் அமிலத்தைப் போட்டால் சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்ணில் கம்பும் உளுந்தும் எப்படி வருகின்றன என்பதுதான் கட்டுரை. வெயிலில் நின்று மண்ணள்ளியவள் அவள். முதல் பெயரும் அவளுடையதுதான். இந்தக் கட்டுரை ஏற்கப்பட்டால்தான் பல்கலைக்கழகம் அவளுடைய ஆய்வேட்டை வாங்கும். வாங்க வேண்டிய கெடு, இரண்டு தடவை நீட்டித்தது, இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குமேல் நீட்டிக்க விதி கிடையாது. அஞ்சு வருஷப் பாடு அப்படியே குப்பைக்குப் போகும். இதில் பொய் மேற்கோள் போட்டவள் என்ற பெயரும் சேர்ந்துகொண்டால் வடலூரில் டியூஷன் எடுக்கக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கட்டுரை எழுதியவர்கள் நான்கு பேர். நாலு பேருக்கும் நாலு சேமிப்பு. படித்த ஆய்வுகளின் விவரத்தை, அதாவது எழுதியவர், தலைப்பு, பத்திரிகை, வருஷம் இவற்றை, ஒவ்வொருவரும் ஒவ்வொரு மென்பொருளில் போட்டு வைத்திருந்தார்கள். மையத்தின் தலைவர் செங்குட்டுவன் சாரிடம் எண்ட்நோட். வரும் மார்ச்சில் ரிட்டையர் ஆகிறவர், அதில் ஆயிரக்கணக்கில் பதிவு வைத்திருந்தார், அதற்கு "என் லைப்ரரி" என்று பெயர். அவருக்கு அடுத்தவர் கொளஞ்சிநாதன், பர்மனென்ட், விருத்தாசலத்துக்காரர், அவரிடம் மெண்டலி. ஒரு கட்டுரையைத் தேடிக் கண்டுபிடிக்கச் சோம்பல்பட்டு மறுபடி மறுபடி இறக்கிக்கொள்வார், அதனால் எல்லாம் அவரிடம் மூன்று நான்கு பிரதி இருந்தது. சிலவற்றுக்குத் தலைப்பே 'மைக்ரோசாஃப்ட் வேர்ட் - ஃபைனல் ரிவைஸ்டு' என்றுதான் இருக்கும். மூன்றாவது, இசையின் நெறியாளர் பேராசிரியர் சரிதா. அவர் கோப்பில் ஆறு மாணவர்கள் ஆளுக்கொரு பக்கம் கை வைத்திருந்தார்கள். நான்காவது இசையின் ஜோட்டிரோ. முதல் தடவை அனுப்பும்போது நாலு பட்டியலையும் கொளஞ்சிநாதன் கையாலேயே வெட்டி ஒட்டினார். ஒட்டின லட்சணம்தான் இப்போது கடிதமாக வந்திருந்தது.

செங்குட்டுவன் சார் கூட்டம் போட்டார். எந்தப் பிரச்சினைக்கும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. பதினொன்றைக் காணோம் என்றால், வெள்ளைக்காரனுக்கு நம்ம ஊர்ப் பத்திரிகைகளைத் தெரியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான் என்றார். ஆனாலும் நாலு சேமிப்பையும் ஒன்றாக்கிச் சுத்தமான ஒரே நூற்பட்டியலாகக் கொடுத்துவிடுவோம், அந்த வேலையை இசை செய்யட்டும் என்றார். போனில் கலந்துகொண்ட சரிதா மேடம் ஏதோ வளைகாப்பில் இருந்தார், பின்னால் மைக் செட் கேட்டது. இசை செய்யட்டும் என்று அவரும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இசை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஒரே ஆய்வு இரண்டு பேரிடம் இரண்டு விதமாக இருந்தால் யாருடையதை வைத்துக்கொள்வது?

"இதுல என்னம்மா சந்தேகம்? சீனியாரிட்டிப்படி போ" என்றார் செங்குட்டுவன் சார்.

சிரிக்காதீர்கள். அந்த மையத்தில் எல்லாமே சீனியாரிட்டிதான். எந்த பிளாக்கில் எந்தக் குவார்ட்டர்ஸ் என்பதில் ஆரம்பித்து, மத்தியானச் சாப்பாட்டில் ஃபேனுக்குக் கீழே யார் நாற்காலி என்பதுவரை சீனியாரிட்டி. வடை வந்தால்கூடத் தட்டு முதலில் போகிற திசை ஒன்று உண்டு. ஆக ஆய்வுப் பதிவுகளும் அதே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. சார் பதிவு முதலில், கொளஞ்சிநாதன் பதிவு அடுத்தது, வெளியாள் என்பதால் மேடம் மூன்றாவது, காண்ட்ராக்ட் கடைசி. தன்னுடையதில் ஒவ்வொரு பதிவையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்கிறேன் என்று இசை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். நல்ல பழக்கம் என்று பாராட்டிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

சரி, சொன்னதைச் செய்வோம் என்று உட்கார்ந்தாள். நாலு பேரின் கோப்புகளையும் வாங்கித் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்தாள். அந்த வாரத்தில் அவள் செய்த முதல் புத்திசாலித்தனம் அது, கொஞ்ச நாளைக்குக் கடைசியும் அதுதான். பிறகு எல்லாவற்றையும் ஜோட்டிரோவுக்குள் கொட்டினாள். ஒவ்வொரு கட்டுரைக்கும் நம்முடைய ஆதார் எண் மாதிரி டி.ஓ.ஐ. என்று ஓர் எண் உண்டு. ஒரே எண் இரண்டு பதிவில் இருந்தாலோ, எண் இல்லாமல் தலைப்பும் எழுதியவரும் வருஷமும் ஒத்துப்போனாலோ இவை இரட்டை என்று மென்பொருள் எடுத்துக் காட்டும். காட்டியதில் ஒன்றை மூலப்பதிவாகத் தேர்ந்தெடுத்து இணை என்று அமுக்கினால், அது நிலைக்கும், மற்றது குப்பைத் தொட்டிக்குப் போகும். வெறுமனே அழிக்கக் கூடாது. அழித்தால் கட்டுரைக்குள் அதைச் சுட்டிய இடங்கள் அறுந்துபோகும், இணைத்தால் அவை நிலைத்த பதிவைப் பிடித்துக்கொள்ளும்.

நாலு நாளும் அதே வேலை. ஒன்று பத்திரிகைக் கட்டுரை, இன்னொன்று புத்தக அத்தியாயம் என்று வகை வேறாகப் போட்டிருந்தால் மென்பொருள் இணைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது, அவற்றை ஒவ்வொன்றாக மாற்றினாள். கொளஞ்சிநாதனின் நான்கு பிரதிகள் ஒன்றாகின. மேடத்தின் மாணவர்கள் முன்வரைவையும் அச்சானதையும் தனித்தனியாகச் சேர்த்திருந்தார்கள், அவையும் ஒன்றாகின. மோதல் வந்த இடத்திலெல்லாம் சார் பதிவையே அமுக்கினாள். வேகம் வர வர தலைப்பைக்கூடப் படிக்கவில்லை. சார், இணை. சார், இணை. கோயில் வரிசையில் சுண்டல் கொடுப்பவர் முகத்தையா பார்க்கிறார்?

வியாழக்கிழமை காலை நூற்பட்டியல் பளபளவென்று நின்றது. ஓர் இரட்டை கிடையாது. ஒரே எழுத்துரு, ஒரே பாணி, எண்கள் ஒழுங்காக. கொளஞ்சிநாதன் வந்து பார்த்து, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குது என்றார். இசைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அனுப்புமுன் ஆசிரியர் சொன்ன அந்தப் பதினொன்றை மட்டும் இணையத்தில் தேடிப் பார்ப்போம் என்று நினைத்தாள்.

பதினொன்றும் அப்போதும் இல்லை. சந்தேகம் வந்து மற்றவற்றையும் தேடினாள். பதினொன்று இருபத்தெட்டாகியிருந்தது.

அடக் கடவுளே என்று நாற்காலியில் சாய்ந்தாள். சுத்தம் செய்யச் செய்யப் பேய் கூடுகிற வீட்டை அவள் அதுவரை பார்த்ததில்லை. அழுகை முட்டியது. அழுதால் கொளஞ்சிநாதன் காரணம் கேட்பார், கேட்டால் மையம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று தண்ணீர் குடித்து விழுங்கினாள். பிறகு இருபத்தெட்டில் ஒன்றைத் திறந்து, நான்கு நாளில் முதல் தடவையாக, நிதானமாகப் படித்தாள்.

எழுதியவர்கள் போலந்து நாட்டுக்காரர்கள் இரண்டு பேர். பத்திரிகை ஐரோப்பியப் பத்திரிகை. தலைப்பு, பண்ருட்டி முந்திரித் தோப்பு மண்ணில் துத்தநாகக் குறைபாடு.

போலந்துக்காரன் பண்ருட்டிக்கு வந்து முந்திரித் தோப்பில் என்ன செய்தான்? அந்த டி.ஓ.ஐ. எண்ணைப் போட்டுத் தேடினாள். அது அவர்கள் எழுதிய, கைவிட்ட சுரங்க மண்ணில் மண்புழு வளர்வதைப் பற்றிய கட்டுரைக்குப் போனது. முந்திரித் தலைப்பைப் போட்டுத் தேடினாள். அதுவும் உண்மையாகவே இருந்தது, எழுதியவர் விருத்தாசலத்தில் ஒருவர். ஆளும் உண்மை, தலைப்பும் உண்மை, எண்ணும் உண்மை. ஒருத்தன் தலையை எடுத்து இன்னொருத்தன் கழுத்தில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எண் ஒன்றாக இருந்ததால் மென்பொருள் அதையும் அவளுடைய சரியான பதிவையும் இரட்டை என்று காட்டியிருக்கிறது. அவளும் சீனியாரிட்டிப்படி சரியானதைத் தள்ளிவிட்டு இந்த முண்டத்தை உட்கார வைத்திருக்கிறாள். இரண்டு தலைப்பும் கண்ணெதிரே பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றிருக்கும். படிக்காதது அவள் தப்பு. தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டாள்.

இருபத்தெட்டும் அதே கதை, இருபத்தெட்டும் சாருடைய பதிவு. அவர் கொடுத்த மூலக் கோப்பைத் திறந்து, சேர்த்த வரிசையிலேயே ஓட விட்டாள். நடுவில் இருநூறு சொச்சம் பதிவுகளில் தலைப்புகள் மட்டும் ஏ-யில் ஆரம்பித்து இசட் வரை அப்பழுக்கில்லாத அகர வரிசையில் இறங்கின. பக்கத்தில் ஆட்களும் வருஷமும் எண்ணும் சந்தையில் நிற்கிற மாதிரி கண்டபடி நின்றார்கள். அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதியை அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.

டீ நேரத்தில் போய் நின்றாள். வடைத் தட்டு சாரைத் தாண்டிக் கொளஞ்சிநாதனிடம் வந்திருந்தது. சார் லைப்ரரியில் ஒரு பகுதி மட்டும் எவ்வளவு அழகாக அகர வரிசையில் இருக்கிறது, எப்படிச் செய்தது என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், மனிதர் மலர்ந்து போனார். பல வருஷத்துக்கு முன்னால் ஆண்டறிக்கைக்கு அப்போதைய டைரக்டர் அகர வரிசையில் பட்டியல் கேட்டாராம். ஆபீஸில் ஒருவருக்கும் செய்யத் தெரியவில்லையாம். இவரே அந்தப் பதிவுகளை எக்செல்லுக்கு எடுத்துப் போய், தலைப்புப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்து என்று அமுக்கினாராம்.

"அது ஒரு கேள்வி கேட்டுச்சு பாரு. பக்கத்துப் பத்தியையும் சேத்துக்கவா, இது மட்டும் போதுமான்னு. எனக்கு வேண்டியது தலைப்பு. மத்ததுகிட்ட நமக்கென்ன வேலை? இது மட்டும் போதும்னு அமுக்கினேன். அரை நொடி. அப்படியே திரும்ப எண்ட்நோட்ல ஏத்திட்டேன்."

கொளஞ்சிநாதன் வடையைக் கடித்த நிலையில் நின்றுவிட்டார். அவருக்கு எக்செல் தெரியும். தலைப்புகள் மட்டும் எழுந்து வரிசைக்குப் போய்விட்டன, ஆட்களும் எண்களும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்று இசை எடுத்துச் சொன்னாள். லேப்டாப்பைத் திறந்து போலந்தையும் முந்திரித் தோப்பையும் காட்டினாள். இயந்திரம் கற்பனை செய்ததா என்று ஆசிரியர் கேட்கிறாரே, அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை, இயந்திரம் பொய் மேற்கோளை இப்படித்தான் செய்யும், நிஜ ஆளையும் நிஜத் தலைப்பையும் மாற்றிப் பொருத்தும் என்றும் சொன்னாள். செங்குட்டுவன் சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் டீ ஆறி ஏடு படிந்தது.

எல்லாவற்றையும் சரி செய்துவிடு என்றார். விளக்கக் கடிதத்தில் காரணம் என்ன எழுதுவது என்று இசை கேட்டாள். அவர் கொளஞ்சிநாதனைப் பார்த்தார். கொளஞ்சிநாதன் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

"ரிசர்ச் ஃபெலோ பட்டியல் தயாரிக்கும்போது தவறிடுச்சுன்னு போட்டுடும்மா. நீ சின்னப் பொண்ணு, யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. நான் ரிட்டையர் ஆவற நேரம்."

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா? ஆய்வேட்டைப் பார்க்கிற குழு முதலில் எடுத்துக்கொள்வதே அதைத்தான். இசை வெளியே வந்து சரிதா மேடத்துக்குப் போன் போட்டாள். அவர் இந்தத் தடவை ஒரு காதுகுத்தில் இருந்தார். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, பெரியவர் என்றார். கொளஞ்சிநாதன் பின்னாலேயே வந்து, குரலைத் தணித்து, அவர் பங்குக்கு ஆறுதல் சொன்னார்.

"நானும் இருவது வருசமா இப்படித்தான் அவரு தப்ப வாங்கிகினு கெடக்கறேன். வாங்கிக்கிட்டா போயிடும்."

"உங்க வேல பர்மனென்ட் சார். வாங்கிக்கலாம். எனக்கு இது போச்சுன்னா வூட்டுக்குத்தான் போவணும்."

அவர் உள்ளே போய்விட்டார்.

எடுத்து வைத்த பிரதிகளிலிருந்து இசை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை சட்டம் அவளுடையது. டி.ஓ.ஐ. எண் இருந்தால் அந்த எண் காட்டும் மூலப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் சரி, யார் பதிவு என்று பார்க்க வேண்டியதில்லை. எண் இல்லாத பழைய கட்டுரைகளுக்குப் பி.டி.எஃப்-ஐத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். சாருடைய அந்த இருநூற்றில் தலைப்பை நம்பவில்லை, எண்ணை வைத்துத் தலைப்பைத் திரும்ப வாங்கினாள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு ஜோடியையும் படித்த பிறகுதான் இணைத்தாள். கட்டுரையில் பயன்படுத்தியவை மட்டும் போதும் என்பதால் வெள்ளி மத்தியானம் முடிந்தது. போலந்துக்காரர்கள் மண்புழுவிடம் திரும்பிப் போனார்கள். முந்திரித் தோப்பு விருத்தாசலத்துக்காரரிடம் வந்து சேர்ந்தது. தேடிப் பார்த்தாள், பேய் ஒன்றுகூட இல்லை. இரண்டு மேற்கோள்களைத் தலைப்பை நம்பித் தப்பான இடத்தில் போட்டிருந்தார்கள், அந்த வாக்கியங்களையும் திருத்தினாள்.

பிறகு கடிதம் எழுதினாள். பத்திரிகையோடு பேசுவதற்குப் பொறுப்பானவராகப் பதிவாகியிருப்பது செங்குட்டுவன் சார், அதனால் அது அவருடைய மின்னஞ்சலிலிருந்துதான் போக முடியும். அன்று மாலைதான் கெடு. அவர் அறைக்குப் போனபோது கொளஞ்சிநாதனும் இருந்தார். இருந்தால் நல்லதுதான் என்று கடிதத்தைத் திரையில் திறந்து வைத்தாள். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார், படிக்கவில்லை.

"யார் பேர போட்ருக்க?"

"சீனியாரிட்டிப்படி போட்டேங்க சார்."

கொளஞ்சிநாதனுக்கு இருமல் வந்தது. சார் குனிந்து படித்தார். மூத்த ஆய்வாளர் ஒருவரின் சேமிப்பில் பல வருஷங்களுக்கு முன்பு வரிசைப்படுத்தும்போது தலைப்புகள் இடம் மாறிவிட்டன, எந்த இயந்திரமும் எழுதவில்லை, மேற்கோள்கள் அனைத்தையும் மூலத்தோடு சரிபார்த்துவிட்டோம், மாறியவற்றின் பழைய வடிவமும் புதிய வடிவமும் கீழே என்று இருந்தது. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் முகம் கறுத்தது. திட்டப்போகிறார் என்று இசை காத்திருந்தாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, திட்டட்டும் என்றும் நினைத்தாள்.

"சேத்துக்கவான்னு கேட்டுச்சே, அதுக்கு ஆமான்னு அமுக்கியிருந்தா?"

"எல்லாம் கூடவே வந்திருக்கும் சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். "மூத்த ஆய்வாளர் ஒருவரின்" என்ற இடத்தைத் தேடிப் பிடித்து, பின்னோக்கி ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். ஆக, தன் பெயர்தான் வரப்போகிறது என்று நினைத்தாள் இசை. அழித்த இடத்தில் ஒற்றை விரலால் தன் முழுப் பெயரையும் இனிஷியலோடு அடித்தார்.

"மூத்தவர்னு மொட்டையா போட்டா வெள்ளைக்காரன் கொளஞ்சிய நெனச்சுப்பான். இவன் ஏற்கனவே எனக்காக நெறைய வாங்கிட்டான்" என்று சொல்லிவிட்டு அனுப்பு என்பதை அமுக்கினார்.

கொளஞ்சிநாதன் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீயும் வடையும் வந்தன. கொண்டு வந்த பெண் வழக்கம்போலத் தட்டைச் சாரிடம் நீட்டினாள். அவர் எடுக்காமல் இசையைக் காட்டினார். அந்தப் பெண் தட்டோடு நின்று விழித்தாள், அந்த மையத்தில் வடை அந்தப் பக்கம் போய் அவள் பார்த்ததில்லை.